பேசிய இன்சென்டிவ் குறைவாக வந்தால் ஹெச்.ஆருக்கு எப்படி எழுதுவது?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் தம்பி ஒருவர், பில்லிங் மெஷின் விற்கும் கம்பெனியில் சேல்ஸ் வேலை பார்க்கிறார். ஜனவரி–மார்ச் காலாண்டுக்கு அவருக்கு வந்த இன்சென்டிவ் 36,000 ரூபாய். “அண்ணா, 73,280 வரணும். பாதிகூட வரல” என்று போனோடு வந்து நின்றார். சம்பளக் கணக்கு போடுவது என் தொழில் என்பதால் இப்படி அடிக்கடி ஆள் வரும்.

முதலில் சட்டம். ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் ‘ஊதியம்’ என்பதற்கு அது சொல்லும் விளக்கத்தில் கமிஷன் சேராது. அதனால் சம்பளப் பாக்கியைக் கேட்பதுபோல இதைக் கேட்க முடியாது. கம்பெனி எழுத்தில் கொடுத்த இன்சென்டிவ் பிளான்தான் உங்கள் பிடிமானம். அது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தப் பாக்கிக்குச் சிவில் கோர்ட்டுக்குப் போக மூன்று வருடம் அவகாசம் உண்டு. பன்னேர்கட்டா ரோட்டில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில் விசாரிக்கலாம் என்றாலும், மேனேஜர் பொறுப்பில் இருப்பவர் ‘தொழிலாளர்’ கணக்கில் வரமாட்டார். பெரும்பாலான வழக்குகள் அதுவரை போவதில்லை. ஹெச்.ஆருக்குப் போகும் முதல் மெயில் ஒழுங்காக இருந்தாலே போதும்.

தம்பியின் பிளான் இது: டார்கெட் 20 லட்சம். அதில் 80 சதவீதம், அதாவது 16 லட்சத்தைத் தொடாவிட்டால் ஒன்றும் கிடையாது. தொட்டால், டார்கெட் வரையிலான விற்பனைக்கு 2 சதவீதம். அதற்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் 4 சதவீதம்.

அவர் போட்ட பில்களின் கூட்டுத்தொகை 28,32,000. அதை வைத்தே 73,280 என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறது. பிளானோ ‘வரி நீங்கிய இன்வாய்ஸ் மதிப்பு’ என்கிறது. வரியைக் கழித்தால் 24 லட்சம். 20 லட்சத்துக்கு 40,000, மீதி 4 லட்சத்துக்கு 16,000, ஆக 56,000. 73,280 என்றே அனுப்பியிருந்தால், ஹெச்.ஆர். அந்தத் தப்பை மட்டும் காட்டி விஷயத்தை முடித்திருப்பார்கள்.

சரி, 36,000 எங்கிருந்து வந்தது? 18 லட்சத்துக்கு 2 சதவீதம் போட்டால் சரியாக 36,000. அப்படியென்றால் 6 லட்சம் விடுபட்டிருக்கிறது. பில்களைத் தேதிவாரியாகப் பார்த்தோம். மார்ச் 27-ல் போட்ட ஒரே இன்வாய்ஸ், வரி நீங்கி 6 லட்சம். பணம் வந்தது ஏப்ரல் 18-ல். பணம் வந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு, “அடுத்த காலாண்டில் சேர்ந்து வந்துவிடும்” என்றார்களாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த காலாண்டில் டார்கெட் தாண்டாவிட்டால் இந்த 6 லட்சத்துக்கு 2 சதவீதம்தான், 12,000. இந்தக் காலாண்டில் அதே விற்பனையின் மதிப்பு 20,000. தள்ளிப்போட்டதிலேயே 8,000 போய்விடும். அடுத்த முறை மொத்தம் 16 லட்சத்தைத் தொடாவிட்டால் முழுசும் போச்சு. நன்றாக விற்றால் லாபமும் வரலாம் என்பது உண்மை. அதற்காக ஒப்புக்கொண்டதை மாற்ற முடியுமா?

பிளானில் இன்னொரு வரி கைகொடுத்தது: ‘90 நாளில் பணம் வராத இன்வாய்ஸுக்குக் கொடுத்த இன்சென்டிவ் பிடித்தம் செய்யப்படும்.’ பணம் வந்த பிறகுதான் இன்சென்டிவ் என்றால் இந்த வரிக்கு வேலையே இல்லை.

மெயிலில் எழுதச் சொன்னது இவ்வளவுதான்:

“ஜனவரி–மார்ச் இன்சென்டிவ் பற்றி. பிளான்படி வரி நீங்கிய இன்வாய்ஸ் மதிப்பு 24,00,000. வர வேண்டியது 40,000 + 16,000 = 56,000. பே ஸ்லிப்பில் உள்ளது 36,000. வித்தியாசம் 20,000. மார்ச் 27 தேதியிட்ட 6,00,000 ரூபாய் இன்வாய்ஸ் சேரவில்லை என்று தெரிகிறது. பில் பட்டியலும் பிளானும் இணைத்துள்ளேன். இதில் எந்த இடத்தில் உங்கள் கணக்கு மாறுபடுகிறது, எந்த விதிப்படி என்று தெரிவிக்கவும்.”

கோபமோ, சட்டப் பிரிவு எண்களோ வேண்டாம். கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘பார்க்கிறோம்’ என்று அதற்குப் பதில் எழுத முடியாது. அப்புறம், பேங்க்கில் ஏறிய தொகையோடு ஒப்பிட வேண்டாம். அது வரிப்பிடித்தம் போன மீதி. பே ஸ்லிப்பில் பிடித்தத்துக்கு முன் உள்ள இன்சென்டிவ் தொகையை எடுங்கள். பிளானையும் மெயில்களையும் ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தால், வேலையை விடும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

மே மாதச் சம்பளத்தோடு 20,000 வந்தது. ஜூன் காலாண்டுக் கணக்கு வந்ததும் அந்த 6 லட்சம் அங்கேயும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஏறியிருந்தது. அதை நீக்கச் சொல்லி அவரே இன்னொரு மெயில் போட்டார்.