விழுக்காடு: எதன்மேல் விழுகிறது?

பேச்சில் பர்சன்ட், செய்தித்தாளில் சதவீதம், மேடைத்தமிழில் விழுக்காடு. மூன்றும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றன. இருந்தாலும் கணக்கில் அடிக்கடி நேரும் ஒரு பிழையைத் தவிர்க்க உதவும் குறிப்பு மூன்றாவது சொல்லுக்குள்தான் இருக்கிறது.

பர்சன்ட் என்பது லத்தீன் மொழியின் 'பெர் சென்டும்', அதாவது 'நூற்றுக்கு'. இத்தாலிய வணிகர்கள் கணக்கேடுகளில் 'பெர் சென்டோ' என்பதைச் சுருக்கிச் சுருக்கி எழுதியதில்தான் இன்றைய % குறி உருவானது. சதவீதத்தில் உள்ள சதம், நூறைக் குறிக்கும் வடசொல். வீதம் என்பதை 'ஆளுக்கு இரண்டு வீதம் கொடு' என்று இன்றும் சொல்கிறோம். சதவிகிதம் என்று எழுதினாலும் பொருள் அதுவே.

விழுக்காடு என்பது 'விழு' என்ற வினையோடு 'காடு' என்ற விகுதி சேர்ந்த சொல். சாக்காடு, வேக்காடு, நோக்காடு போல. இங்கே விழுதல் என்பது பங்கு விழுதல். நான்கு பேர் சேர்ந்து ஆட்டோவில் போனால், இறங்கும்போது 'தலைக்கு எவ்வளவு விழுது?' என்று கேட்கிறோமே, அதே விழுதல்தான். ஆகவே 20 விழுக்காடு என்றால் நூற்றுக்கு இருபது விழுகிறது என்று பொருள். உடனே ஒரு கேள்வி வரவேண்டும்: எந்தத் தொகையின் ஒவ்வொரு நூற்றின்மேலும் விழுகிறது?

2021-இல் என் தம்பி இந்தக் கேள்வியோடுதான் எனக்கு போன் செய்தான். அம்பத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் அவனுக்கு வேலை. முந்தைய ஆண்டு ஊரடங்கின்போது எல்லாருக்கும் சம்பளத்தில் 20 சதவீதம் வெட்டினார்கள். நிலைமை சரியானதும், 'வெட்டிய 20 சதவீதத்தை அப்படியே திருப்பித் தருகிறோம்' என்று மின்னஞ்சல் வந்தது. "அக்கா, அவங்க சொன்னபடி 20 பர்சன்ட் போட்டிருக்காங்க. ஆனா பழைய சம்பளம் வரலையே, எங்க இடிக்குது?" என்றான்.

அவனுடைய பழைய சம்பளம் 40,000 ரூபாய். அதில் 20 விழுக்காடு 8,000. வெட்டியபின் கைக்கு வந்தது 32,000. திருப்பித் தந்தபோது 20 விழுக்காட்டை இந்த 32,000-த்தின்மேல் போட்டார்கள். அது 6,400 ரூபாய். ஆக, புதிய சம்பளம் 38,400. மாதம் 1,600 குறைகிறது, ஆண்டுக்கு 19,200.

இந்த 1,600 எங்கே போனது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். வெட்டியபோது 20 விழுக்காடு 40,000 முழுவதின்மேலும் விழுந்தது. கூட்டியபோது 32,000-த்தின்மேல் மட்டும் விழுந்தது. நடுவில் காணாமல்போன 8,000-த்தின்மேல் எதுவும் விழவில்லை. அந்த 8,000-க்கு 20 விழுக்காடு எவ்வளவு? சரியாக 1,600. 'கொஞ்சம் வித்தியாசம் வரத்தானே செய்யும்' என்று விட்டுவிடுகிற தொகை இல்லை இது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு ரூபாய் பிசகாமல் காட்டிவிடலாம்.

திருப்பிப் போட்டாலும் இதே கதைதான். முதலில் 20 விழுக்காடு கூட்டி 48,000 ஆக்கி, பிறகு 20 விழுக்காடு குறைத்தாலும் 38,400-இல்தான் வந்து நிற்கும். இங்கே கூடுதலாக வந்த 8,000-த்தின்மேலும் வெட்டு விழுகிறது. முதலில் ஏற்றமா இறக்கமா என்பது முக்கியமில்லை. இரண்டிலும் அதே எண் என்றால் முடிவு தொடங்கிய இடத்துக்குக் கீழேதான். எண் சிறியதாக இருந்தால் இந்த இடைவெளி கண்ணில் படாது. 1 விழுக்காடு ஏறி 1 விழுக்காடு இறங்கினால் நூறு ரூபாய்க்கு ஒரு பைசாதான் போகும். 10 என்றால் ஒரு ரூபாய், 20 என்றால் 4 ரூபாய், 50 என்றால் 25 ரூபாய். எண்ணை அதனாலேயே பெருக்கி நூறால் வகுத்தால் நூற்றுக்கு எவ்வளவு இழப்பு என்று கிடைத்துவிடும்.

சரி, தம்பிக்கு எத்தனை விழுக்காடு தந்திருக்க வேண்டும்? உயர்வோ குறைவோ, வித்தியாசத்தை எப்போதும் பழைய தொகையால்தான் வகுக்க வேண்டும். பழையது என்றால் அந்த மாற்றம் தொடங்கும் நொடியில் கையில் இருப்பது. சம்பளத்தை மீட்கும்போது கையில் இருந்தது 32,000. வேண்டிய வித்தியாசம் 8,000. 8,000-ஐ 32,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 25. இருபது இறங்கியதை மீட்க இருபத்தைந்து ஏற வேண்டும். பாதியாகக் குறைந்ததை மீட்க நூறு விழுக்காடு ஏற வேண்டும். மொத்தமும் போய்விட்டால் எந்த விழுக்காடும் மீட்காது, சுழியத்தின்மேல் விழ எதுவும் இல்லை.

இதே பிழையை வேறு உடையில் ரிச்சி தெருவில் பார்த்தேன். அங்கே ஒரு மின்னணுப் பொருள் கடையில் சில மாதம் கணக்கு எழுதினேன். ஜிஎஸ்டி உட்பட 1,180 ரூபாய்க்கு விற்ற பொருளில் வரி எவ்வளவு என்று ஏட்டில் பிரித்துக் காட்ட வேண்டும். வரி 18 விழுக்காடு. எனக்கு முன்னால் எழுதியவர் 1,180-க்கு 18 விழுக்காடு கண்டு, வரி 212.40, பொருளின் விலை 967.60 என்று பிரித்திருந்தார். பார்க்கச் சரியாகத்தான் தெரியும், இரண்டையும் கூட்டினால் 1,180 வந்துவிடுகிறதே.

இதைப் பிடிக்கும் வழி, பிரித்த விலையின்மேல் மறுபடி வரியைப் போட்டுப் பார்ப்பது. 967.60-க்கு 18 விழுக்காடு 174.17. கூட்டினால் 1,141.77 வருகிறது, 1,180 வரவில்லை. 18 விழுக்காடு விழுந்தது வரிக்கு முந்தைய விலையின்மேல், பில் தொகையின்மேல் இல்லை. நூறு ரூபாய்ப் பொருள் வரியோடு 118 ஆகிறது. ஆகவே பில் தொகையை 118 பங்காக்கினால் அதில் 18 பங்கு வரி. 1,180-இல் அது 180, பொருளின் விலை 1,000. தமிழ்நாட்டுக்குள் விற்றதால் அந்த 180-ஐ மத்திய ஜிஎஸ்டி 90, மாநில ஜிஎஸ்டி 90 என்று பிரிக்க வேண்டும். பழைய ஏட்டுப்படி ஒவ்வொரு பொருளுக்கும் 32.40 ரூபாய் கூடுதல் வரியாகக் காட்டப்பட்டிருந்தது. எக்செல் தாளில் பில் தொகை A2 கட்டத்தில் இருந்தது, வரிக்கான கட்டத்தை இப்படி மாற்றி எழுதினேன்:

```
=A2*18/118
```

5 விழுக்காட்டு வரி என்றால் 5/105.

சொல்லுக்கு வருகிறேன். எழுத்தில் சதவீதம் நன்றாகவே நிலைத்துவிட்டது, அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கணக்கு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் விழுக்காடு என்றே சொல்ல எனக்குப் பிடிக்கும், கேட்கிற பிள்ளை 'எதன்மேல்?' என்று கேட்பதற்கு அந்தச் சொல்லே இடம் கொடுக்கிறது. நம் வட்டிப் பேச்சிலும் இந்தத் தெளிவு உண்டு. 'ரெண்டு ரூபா வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். எந்த நூறு என்பதில் கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் சந்தேகமே வராது, இன்னும் அடைக்காமல் நிற்கும் அசலின் நூறு.

தம்பி மேலாளருக்குப் பதில் எழுதும்போது சதவீதத்தை விட்டுவிட்டான். '40,000 இருந்தது, இப்போது 38,400 இருக்கிறது, 1,600 சேர்த்துத் தாருங்கள்' என்று ரூபாயிலேயே கேட்டான். அடுத்த மாதச் சம்பளத்தில் அது சேர்ந்து வந்தது.