பேத்தி தாத்தா பாட்டியிடம், அப்பா கோர்ட்டில்: கஸ்டடி யாருக்கு?

அம்மா இறந்துவிட்டாள். ஏழு வயதுப் பெண் குழந்தை இரண்டு வருடமாகத் திண்டுக்கல்லில் அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடம் வளர்கிறாள். திருப்பூரில் இருக்கும் அப்பா மறுமணம் செய்துகொண்டு, "என் பிள்ளையைக் கொடுங்க" என்கிறார். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் இப்படி ஒரு குடும்பம் இல்லாத நாள் குறைவு.

முதல் குழப்பம் மனு எழுதும்போதே வருகிறது. கார்டியன் என்பது குழந்தைக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் காப்பாளர்; கஸ்டடி என்பது குழந்தை யாரிடம் இருந்து வளர்கிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல. இந்து மைனர் காப்பாளர் சட்டம் 1956, பிரிவு 6-ன்படி அம்மா இறந்த பிறகு அப்பாதான் இயற்கைக் காப்பாளர். காப்பாளர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் 1890, பிரிவு 19 இன்னும் கறார்: அப்பா உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நிரூபிக்கப்படாதவரை, வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது. அதனால் "எங்களைக் கார்டியனாகப் போடுங்கள்" என்று மட்டும் கேட்கும் தாத்தா பாட்டி அந்த இடத்திலேயே முட்டிக்கொள்வார்கள். குழந்தை யாரிடம் இருப்பது நல்லது என்பது தனிக் கேள்வி. அப்பாவின் காப்பாளர் தகுதி அப்படியே இருக்க, குழந்தையை இப்போதைக்குத் தாத்தாவிடம் விட்டுவைக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது.

மனு எந்த ஊரில்? குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் எதுவோ அங்கே. நம் உதாரணத்தில் அது திண்டுக்கல். தன் ஊர் வசதி என்று அப்பா திருப்பூரில் போட்டால், அதிகார வரம்பு பற்றிய வாதத்திலேயே மாதங்கள் போய்விடும்.

இனி நலன். 1956 சட்டத்தின் பிரிவு 13 குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. சரி, நீதிபதி அதை எதை வைத்து அளக்கிறார்? குழந்தையின் வயது, பாலினம், மதம், கேட்பவரின் குணமும் வசதியும், உறவின் நெருக்கம், விவரம் தெரிந்த வயதானால் குழந்தையின் விருப்பம் என்று 1890 சட்டத்தின் பிரிவு 17 வரிசையாகச் சொல்கிறது. சம்பளம் கூடுதலாக இருப்பவருக்கே கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் புரியும். 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த கொல்கத்தா வழக்கில், மனைவியின் மரணம் தொடர்பாகக் கணவர் மீதே கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தது. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் "இயற்கைக் காப்பாளர்" என்று பையனை அப்பாவிடம் கொடுத்தன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தாத்தா பாட்டியிடமே விட்டது. அந்தக் கிரிமினல் வழக்கின் கனத்தையும் பையனின் விருப்பத்தையும் பார்க்காமல் விட்டது தவறு என்றது. 2025-ல் வந்த வழக்கு நேர் எதிர். அப்பா மேல் அப்படி எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, அவர் மறுமணம் செய்திருந்தார். உயர் நீதிமன்றம் பையனைத் தாத்தாவிடம் விட, உச்ச நீதிமன்றம் அப்பாவுக்குக் கொடுத்தது. ஆனாலும் படிப்பு நடுவில் இருந்ததால் கல்வியாண்டு முடியும்வரை மாற்றவில்லை.

ஆக, மறுமணம் மட்டுமே அப்பாவைத் தகுதியற்றவராக்காது. "இரண்டு வருஷம் நாங்கதானே வளர்த்தோம்" என்பது மட்டுமே தாத்தாவை ஜெயிக்க வைக்காது. திண்டுக்கல் வழக்கில் என் கண் போவது வேறு இடத்துக்கு: அந்த இரண்டு வருடத்தில் அப்பா எத்தனை முறை வந்தார், ஸ்கூல் ஃபீஸ் ரசீது யார் பெயரில், காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார். தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயது, சர்க்கரை என்றால் அதுவும் கணக்கில் வரும்.

நீதிபதி குழந்தையைத் தன் அறையில் தனியாக வைத்துப் பேசுவது வழக்கம். சொல்லிக்கொடுத்து அனுப்பினால் அங்கே தெரிந்துவிடும். ஏழு வயதுக் குழந்தை "அப்பா மெயின்டனன்ஸ் கட்டல" என்றால் அது யாருடைய வார்த்தை? "சித்தி எப்படி இருப்பாங்கனு தெரியல, பாட்டி பக்கத்துல படுத்தாதான் தூக்கம் வரும்" என்றால் அது குழந்தையின் வார்த்தை. ஆனால் அதுவும் ஒரு சாட்சியம்தான், தீர்ப்பு அல்ல.

வழக்கு நடக்கும்போதே குழந்தையைச் சந்திக்க இடைக்கால ஏற்பாடு கேட்கலாம். பெரும்பாலும் முதலில் வாரக் கடைசியில் சில மணி நேரம், அப்புறம் ஒரு இரவு, அப்புறம் கோடை விடுமுறையில் பாதி என்று படிப்படியாகப் போகும். பல வீடுகள் சறுக்குவது இங்கேதான். சனிக்கிழமை அப்பா வந்து நிற்கும்போது "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்று மூன்று வாரம் தொடர்ந்து சொன்னால், நான்காவது வாரம் அவர் வக்கீல் மனுப் போடுவார். மருத்துவர் சீட்டு இல்லாத பாட்டியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அப்பா பக்கமும் அப்படித்தான்: கேட்டு வாங்கிய சந்திப்பு நாட்களில் வராமல் போனால், அது அவருக்கு எதிராகவே திரும்பும்.

கடைசி ஆணை யார் பக்கம் போனாலும் மற்றவருக்குச் சந்திப்பு உரிமை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம் என்பது வரை. சூழ்நிலை மாறினால் கஸ்டடி ஆணையையே திருத்தக் கேட்கலாம்.