மருந்து போட்டும் திரும்பி வருவது ஏன்? பேனும் கீரிப்பூச்சியும்

தலைக்கு மருந்து போட்டதும் பேன் உதிர்ந்துவிடுகிறது. ஒரு வாரம் பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறாள். பத்து நாள் கழித்து மறுபடி தலையைச் சொறிகிறாள். கீரிப்பூச்சியும் இப்படித்தான். மாத்திரை கொடுத்ததும் இரவில் ஆசனவாயில் வரும் அரிப்பு நின்றுபோகிறது, மாதம் ஒன்று ஆனதும் திரும்ப வருகிறது. மருந்து சரியில்லை என்று ஒருவர் சொல்வார், பள்ளிக்கூடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே சில நேரம் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் காரணம் முட்டை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மருந்துகள் பேனையும் புழுவையும் கொல்கின்றன, முட்டைகளை முழுதாகக் கொல்வதில்லை. அந்த முட்டை எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் பொரிக்கிறது என்று தெரிந்தால், இரண்டாவது மருந்தை எப்போது தருவது என்பதும் தெரிந்துவிடும்.

பேன் பறக்காது, தாவாது. நடக்கத்தான் தெரியும். ஒரு தலைமுடி இன்னொரு தலைமுடியைத் தொட்டால் அந்த முடியைப் பிடித்துக்கொண்டு மாறிவிடும். தலையோடு தலை சேர்த்து விளையாடுவது, ஒரே பாயில் ஒட்டிப் படுப்பது, இவைதான் முக்கிய வழிகள். சீப்பு, துண்டு, ரிப்பன் வழியாகவும் பரவலாம், ஆனால் அது குறைவு. ரத்தம் கிடைக்காமல் தலைக்கு வெளியே ஒன்றிரண்டு நாளுக்கு மேல் பேன் பிழைக்காது.

பெண் பேன் முடியின் அடியில், மண்டைத் தோலுக்குக் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டருக்குள், பசை போல ஒன்றைச் சுரந்து முட்டையை ஒட்டுகிறது. அதுதான் ஈர். தோலின் சூட்டில் அது 7 முதல் 10 நாளில் பொரிக்கும். வெளிவரும் குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் 9 முதல் 12 நாள் ஆகும். ஆகவே முதல் மருந்துக்குத் தப்பிய ஈர் பெரும்பாலும் பொரித்துவிட்ட பிறகு, குஞ்சுகள் முட்டையிடத் தொடங்கும் முன், இரண்டாவது முறை மருந்து போட வேண்டும். 1 சதவீத பெர்மெத்ரின் லோஷனை ஒன்பது நாள் கழித்து மறுபடி போடச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

முதல்முறை பேன் பற்றும் பிள்ளைக்கு அரிப்பு உடனே வராது. பேனின் எச்சிலுக்கு உடல் ஒவ்வாமை காட்ட 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் இன்று சொறிகிற பிள்ளைக்குப் பேன் நேற்று வந்ததில்லை. ஒரு மாதமாகவே பக்கத்தில் படுத்தவர்களுக்கும் போயிருக்கக்கூடும்.

கீரிப்பூச்சி வேறு மாதிரி. நூல்புழு என்றும் சொல்கிறோம். ஒரு சென்டிமீட்டர் அளவில், வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். பெருங்குடலின் தொடக்கத்தில் வாழும் பெண் புழு, பிள்ளை தூங்கிய பின் ஆசனவாய்க்கு வெளியே வந்து சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அரிக்கும், பிள்ளை தூக்கத்திலேயே சொறியும், முட்டை நகத்துக்கு அடியில் சேரும். சில மணி நேரத்திலேயே அந்த முட்டை தொற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. காலையில் விரல் வாய்க்குப் போனால் அதே பிள்ளைக்கு மறுபடி தொற்று. பாய், போர்வை, ஜட்டி, பொம்மை, கதவுப்பிடி எல்லாவற்றிலும் ஒட்டி 2 முதல் 3 வாரம் வரை முட்டை உயிரோடு இருக்க முடியும். பேன் போல ஆளைத் தொட்டுத்தான் பரவ வேண்டும் என்பதில்லை.

இதனால்தான் மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. முட்டை மலத்தில் இல்லை, தோலில் இருக்கிறது. காலையில் பிள்ளை எழுந்ததும், கழுவும் முன், செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி ஆய்வகத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்று காலை தொடர்ந்து எடுத்தால் தப்புவது அரிது. பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் புழுவே கண்ணில் படுவதும் உண்டு.

பள்ளியில் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை போதாதா என்று கேட்பார்கள். அந்தத் திட்டம் மண் வழியாகப் பரவும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்காக வந்தது. கீரிப்பூச்சியையும் அந்த ஒரு மாத்திரை அப்போதைக்குக் கொல்லும். ஆனால் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடவில்லை, தப்பிய முட்டையிலிருந்து வரும் புழுவைக் கொல்ல இரண்டு வாரத்தில் தர வேண்டிய அடுத்த மாத்திரையும் இல்லை. அதனால் பள்ளி மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் தொற்று ஓயாது.

சரி, ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டி, அப்பா, அம்மா, மூன்றாம் வகுப்புப் பெண், ஒன்றரை வயதுத் தம்பி. பெண்ணுக்குப் பேனும் கீரிப்பூச்சியும் இருக்கிறது. முதலில் ஐந்து பேர் தலையையும் ஈரப்படுத்தி, கண்டிஷனரோ எண்ணெயோ தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து வார வேண்டும். உயிருள்ள பேன் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் கிடைக்கிறது. பாட்டி தலையில் வேரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் ஈர் மட்டும் இருக்கிறது. அது பொரித்துப்போன பழைய கூடு, பாட்டிக்கு மருந்து தேவையில்லை. பேனில் உயிருள்ள பேன் இருப்பவருக்கு மட்டும் மருந்து. கீரிப்பூச்சியில் அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் மாத்திரை.

1-ஆம் தேதி பெண்ணுக்கும் அம்மாவுக்கும் லோஷன். ஷாம்பு போட்டு அலசி, துவட்டிய தலையில் 10 நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். அன்றே மருத்துவர் எழுதிய அளவில் எல்லாருக்கும் அல்பெண்டசோல்: பொதுவாக 400 மில்லிகிராம், தம்பிக்கு அதில் பாதி. அம்மா கர்ப்பமாக இருந்தாலோ, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை கூடாது. மறுநாள் காலை எல்லாரும் எழுந்ததும் குளிக்க வேண்டும், அப்போதுதான் இரவில் இட்ட முட்டை கழுவிப்போகும். ஜட்டி தினமும் மாற்ற வேண்டும், நகம் ஒட்ட வெட்ட வேண்டும். போர்வையை அறைக்குள் உதறக் கூடாது, அப்படியே சுருட்டிக் கொண்டுபோய்ச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப் போடலாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பேன் சீப்பு. 10-ஆம் தேதி மறுபடி லோஷன், 15-ஆம் தேதி மறுபடி மாத்திரை. இரண்டு தேதிகளையும் முதல் நாளே காலண்டரில் குறித்துவிட வேண்டும், ஏனென்றால் அரிப்பு நின்றதும் அவை மறந்துபோகும்.

மருந்து போட்டு 8 முதல் 12 மணி நேரம் கழித்தும் பேன் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால், அந்தப் பேன் மருந்துக்குப் பழகிவிட்டது. அதே மருந்தை இன்னும் அதிகமாகப் போடுவதில் பயனில்லை, மருத்துவர் வேறு மருந்து தருவார். மெதுவாக நகர்ந்தால் சீப்பால் வாரிப் பொறுத்திருக்கலாம்.

மண்ணெண்ணெயும் பூச்சிக்கொல்லியும் தலையில் ஊற்றுவதை இன்றும் கேள்விப்படுகிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், விளக்கோ அடுப்போ அருகில் இருந்தால் தலை தீப்பிடிக்கும். பூச்சிக்கொல்லி தோல் வழியே உடலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். தேங்காய் எண்ணெய் பேனை மந்தமாக்கி வாருவதற்கு உதவும், ஆனால் ஈரைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பெண் குழந்தைக்கு மொட்டை அடிக்கவும் தேவையில்லை.

பேன் அழுக்குத் தலையில் தானாகப் பிறப்பதில்லை, தினமும் குளிக்கிற தலையிலும் அதே போல வாழும். இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பதும் சரியில்லை. முட்டை வாய்க்குள் போகாமல் கீரிப்பூச்சி வராது, நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ அது தொற்றுவதும் இல்லை. பெண் குழந்தைக்கு முன்பக்கம் அரிப்போ நீர்க்கடுப்போ இருந்தால், அதற்கும் இந்தப் புழு காரணமாக இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையில் சொறிந்த இடம் சீழ் பிடித்தாலும், இரண்டு தவணை முடிந்தும் இரவு அரிப்பு தொடர்ந்தாலும், கடையில் தானாக இன்னொரு மருந்து வாங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.