பாதி பீட்டா, பத்து சதவீத வருமானம்: ஆர்பிட்ரேஜ் கணக்கில் ஒளிந்திருக்கும் இரண்டாவது காரணி

முதலீட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகி ஒரு கணக்கை அனுப்பியிருந்தார். அதன் முதல் பகுதியில் "ஆர்பிட்ரேஜ் உண்டு", அதாவது சொந்தப் பணமும் போடாமல் ரிஸ்க்கும் எடுக்காமல் லாபம் பார்க்கலாம் என்று விடை வருகிறது. அதே எண்களோடு இரண்டாவது பகுதிக்குப் போனால் "இல்லை" என்று வருகிறது. எது சரி என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பங்கு வருமானத்தை ஆட்டுவிப்பது ஒரே காரணி என்று கொள்ளும் மாதிரிக்கும் பல காரணிகள் என்று கொள்ளும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது. எண்களைக் கொஞ்சம் எளிதாக்கிக்கொண்டு போட்டுப் பார்ப்போம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேப்எம் மாதிரியை 1960களில் வில்லியம் ஷார்ப், ஜான் லின்ட்னர், யான் மோசின் ஆகியோர் தனித்தனியே எழுதினார்கள். அதன்படி ஒரு பங்கின் எதிர்பார்ப்பு வருமானத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம், மொத்தச் சந்தையோடு சேர்ந்து அது எவ்வளவு ஆடுகிறது என்பது. அதுதான் பீட்டா. 1976-ல் ஸ்டீஃபன் ராஸ் வேறு வழியில் வந்தார். முதலீட்டாளர்கள் எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள், ஒரே சந்தைப் போர்ட்ஃபோலியோவை வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே தெருவில் ஒரே தங்கக் காசு இரண்டு விலைக்கு விற்றால் யாராவது ஒரு கடையில் வாங்கி அடுத்த கடையில் விற்றுவிடுவார்கள், விலைகள் ஒன்றாகிவிடும். அவருக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். அதுவே ஆர்பிட்ரேஜ் பிரைசிங் தியரி, சுருக்கமாக ஏபிடி.

இப்போது கணக்கு. ரிஸ்க் இல்லாத வட்டி 6%. A என்ற போர்ட்ஃபோலியோவுக்குப் பீட்டா 1, எதிர்பார்ப்பு வருமானம் 12%. C என்ற போர்ட்ஃபோலியோவுக்குப் பீட்டா 0.5, எதிர்பார்ப்பு வருமானம் 10%. இரண்டிலும் ஏராளமான பங்குகள் இருக்கின்றன, ஆகவே தனி நிறுவனங்களின் ஏற்ற இறக்கம் கரைந்துபோய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரே காரணி தொழில் உற்பத்தி, இங்கே பீட்டா என்பது அதோடு சேர்ந்து எவ்வளவு ஆடுகிறது என்பது. ஆர்பிட்ரேஜ் இருக்கிறதா?

பாதிப் பணத்தை A-யிலும் பாதியை 6% வட்டியிலும் போட்டால் பீட்டா 0.5, வருமானம் 9%. C-க்கும் அதே பீட்டாதான், ஆனால் 10% தருகிறது. எனவே ஒரு லட்ச ரூபாய்க்கு அந்தக் கலவையை ஷார்ட் செய்ய வேண்டும். அதாவது A-யை 50,000 ரூபாய்க்குக் கடன் வாங்கி விற்று, இன்னொரு 50,000 ரூபாயை 6% வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். வந்த ஒரு லட்சத்துக்கு C-யை வாங்க வேண்டும். கையிலிருந்து ஒரு பைசா போடவில்லை.

எனக்கு இந்தக் கோட்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்த படி. தொழில் உற்பத்தி எல்லாரும் எதிர்பார்த்ததைவிட 4 புள்ளி அதிகமாக வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். C தருவது 10 + 0.5 × 4 = 12%. நாம் திருப்பித் தர வேண்டிய கலவை 9 + 0.5 × 4 = 11%. மிச்சம் 1%. சரி, உற்பத்தி படுத்துவிட்டது, எதிர்பார்த்ததைவிட 10 புள்ளி குறைவு என்றால்? C 5% தருகிறது, கலவை 4%. மிச்சம் அப்போதும் 1%. உற்பத்தி எப்படிப் போனாலும் கையில் நிற்பது 1,000 ரூபாய். எதிர்பாராத மாற்றம் எவ்வளவு பெரிதானாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. நாளைக்குப் பொருளாதாரம் என்ன ஆகும் என்று இங்கே யாரும் கணிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பீட்டாக்கள் சமமாக இருப்பதே போதும்.

கேப்எம்மில் தவறான விலை இப்படிச் சரியாவதில்லை. அங்கே ஒரு விலை தவறாக இருந்தால் எல்லா முதலீட்டாளர்களும் தங்கள் பங்குகளில் கொஞ்சம் கொஞ்சம் மாற்றுவார்கள், அந்தச் சிறுசிறு மாற்றங்கள் சேர்ந்து விலையைத் தள்ளும். ஏபிடியில் இதைக் கண்டுபிடித்த சிலர் போதும். ரிஸ்க் இல்லாத லாபம் என்பதால் அவர்கள் எவ்வளவு பெரிய தொகையிலும் இறங்குவார்கள்.

இனி இரண்டாவது பகுதி. கேள்வி இன்னொரு காரணியைத் தருகிறது, வட்டி விகிதம். எதிர்பார்த்ததைவிட வட்டி குறைந்தால் பிளஸ், ஏறினால் மைனஸ். உற்பத்தியோடு தொடர்பில்லாமல் தனியாக நகர்கிறது. உற்பத்தியின் ரிஸ்க்குக்குச் சந்தை தரும் பிரீமியம் 4%, வட்டியின் ரிஸ்க்குக்கு 2%. A-யின் இரண்டாவது பீட்டா 1, C-யின் இரண்டாவது பீட்டாவும் 1. முதல் பீட்டாக்கள் பழையபடியே.

A: 6 + 1 × 4 + 1 × 2 = 12
C: 6 + 0.5 × 4 + 1 × 2 = 10

இரண்டும் நியாயமான விலையில்தான் இருந்திருக்கின்றன. அப்படியானால் நாம் கண்ட அந்த 1,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? ஷார்ட் செய்த கலவையில் A பாதிதான், எனவே அதன் வட்டிப் பீட்டா 0.5. வாங்கிய C-யின் வட்டிப் பீட்டா 1. ஆக, நம் கையில் 0.5 அளவுக்கு வட்டி ரிஸ்க் நிற்கிறது. அதற்குச் சந்தை தரும் கூலி 0.5 × 2 = 1%. லாபம் என்று நினைத்தது அந்தக் கூலியைத்தான். வட்டி எதிர்பாராமல் ஏறி இந்தக் காரணி −4 என்று வந்தால் 1 − 0.5 × 4 = −1%. ஆர்பிட்ரேஜ் என்று நம்பி இறங்கியவருக்கு லட்சத்துக்கு 1,000 ரூபாய் நஷ்டம்.

வாசகிக்கான விடை இதுதான். இரண்டு பகுதிகளும் அவற்றின் மாதிரிக்குள் சரியானவை. ஒரு காரணிதான் உலகம் என்றால் C மலிவு. இரண்டு காரணிகள் இருந்தால் அது மலிவில்லை. ஒற்றைக் காரணி மாதிரியில் விடுபட்ட ரிஸ்க் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும், இலவச வருமானம் போல. ஆகவே ஆர்பிட்ரேஜ் என்று எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு காரணிக்கும் நிகரப் பீட்டா பூஜ்யமா என்று பாருங்கள். ஒன்று பூஜ்யமாகி இன்னொன்று ஆகாவிட்டால் அது ஆர்பிட்ரேஜ் இல்லை.

உண்மையான தவறு இரண்டு காரணி உலகில் எப்படி இருக்கும்? D என்ற போர்ட்ஃபோலியோவின் பீட்டாக்கள் 1.5, 0.5. நியாயமான வருமானம் 6 + 6 + 1 = 13%. கேள்வி 12% என்று கொடுத்தால் D விலை அதிகம், ஷார்ட் செய்ய வேண்டியது. எதை வாங்குவது? A-யும் C-யும் கையில் இருக்கின்றன. A-யின் எடை a, C-யின் எடை c என்றால் உற்பத்திக்கு a + 0.5c = 1.5, வட்டிக்கு a + c = 0.5. தீர்த்தால் c = −2, a = 2.5, மீதி 0.5 ரிஸ்க் இல்லாத வட்டியில். ரூபாயில் சொன்னால், A-யை 2.5 லட்சத்துக்கு வாங்கி, 50,000 ரூபாயை வட்டிக்கு விட வேண்டும். அதற்கான பணம் C-யை 2 லட்சத்துக்கும் D-யை 1 லட்சத்துக்கும் ஷார்ட் செய்ததில் வரும். வரவு 30,000 + 3,000, செலவு 20,000 + 12,000. மிச்சம் 1,000 ரூபாய், இந்தத் தடவை இரண்டு காரணிகளும் எங்கே போனாலும்.

சில கேள்விகள் A, C-க்குப் பதிலாகக் காரணிப் போர்ட்ஃபோலியோக்களைத் தரும். ஒரு காரணியில் பீட்டா 1, மற்றதில் 0 உள்ளவை அவை. நம் எண்களில் உற்பத்திக்கான போர்ட்ஃபோலியோ 10% தரும், வட்டிக்கானது 8%. இங்கே பலர் 10-ஐயும் 8-ஐயும் அப்படியே பீட்டாவால் பெருக்கிவிடுகிறார்கள். D-க்கு 6 + 15 + 4 = 25% என்று விடை வரும். 6-ஐக் கழித்த பிறகு கிடைக்கும் 4-ம் 2-ம்தான் பிரீமியம். 13 வர வேண்டிய இடத்தில் 25 வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆழமானது. ஏபிடியில் இரண்டு சமன்பாடுகள் உண்டு. ஒன்று, நடந்த வருமானத்தைச் சொல்வது: எதிர்பார்ப்பு வருமானத்தோடு, பீட்டாவை எதிர்பாராத மாற்றத்தால் பெருக்கிக் கூட்டுவது. மற்றது, எதிர்பார்ப்பு வருமானமே எவ்வளவு என்று சொல்வது: ரிஸ்க் இல்லாத வட்டியோடு, பீட்டாவைப் பிரீமியத்தால் பெருக்கிக் கூட்டுவது. சி.ஏ. இறுதித் தேர்வுக்கான பயிற்சிக் கணக்குகளில் ஒரு வகை, ஒவ்வொரு காரணிக்கும் எதிர்பார்த்த மதிப்பு, நடந்த மதிப்பு, பீட்டா மூன்றையும் தந்து, வித்தியாசங்களைப் பெருக்கி ரிஸ்க் இல்லாத வட்டியோடு கூட்டச் சொல்கிறது. இரண்டு சமன்பாடுகளின் பாதிகளை ஒட்டவைத்தது அது. பிரீமியம் எங்குமே வரவில்லை. வரும் எண் எதிர்பார்ப்பு வருமானமும் இல்லை, நடந்த வருமானமும் இல்லை. மதிப்பெண்ணுக்காக அந்த வழியில் போடுங்கள், ஆனால் அதுதான் ஏபிடி என்று மனதில் பதியவைத்துக்கொள்ளாதீர்கள். இப்படிக் கற்பிப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, காரணிகள் எவை? ஏபிடி அதைச் சொல்வதே இல்லை. 1986-ல் நை-ஃபூ சென், ரிச்சர்ட் ரோல், ராஸ் மூவரும் தொழில் உற்பத்தி, பணவீக்கம், நீண்டகால-குறுகியகால வட்டி இடைவெளி, நல்ல கடன்-மோசமான கடன் வட்டி இடைவெளி ஆகியவற்றைச் சோதித்தார்கள். 1993-ல் ஃபாமாவும் ஃப்ரெஞ்சும் சந்தையோடு நிறுவனத்தின் அளவையும் புத்தக மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்தார்கள். அப்புறம் வெள்ளம்தான். 2016-ல் ஹார்வி, லியு, ஜூ வெளியிட்ட ஆய்வு 316 காரணிகளைப் பட்டியலிட்டது. பழைய தரவைக் கிளறிக்கொண்டே இருந்தால் தற்செயலாகவும் ஏதாவது பொருந்திவிடும் என்பதால், ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் டி-மதிப்பு வழக்கம்போல் 2 இருந்தால் போதாது, 3-க்கு மேல் வேண்டும் என்றார்கள். புதுக் காரணி கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் நிதியும் பெயரும், பழையதைத் திரும்பச் சோதிப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கேள்வியில் "நன்கு பரவலாக்கப்பட்ட" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனி நிறுவன ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 40% என்றால், அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத 25 பங்குகளைச் சம அளவில் சேர்த்தால் அது 8%, 100 பங்குகளில் 4%. நாம் பிடிக்கப் பார்ப்பதோ 1% வித்தியாசத்தை. ஒரே ஒரு நிறுவனத்தின் பங்கை எடுத்துக்கொண்டால் அந்த 40 முழுசாக நிற்கிறது. அதன் எதிர்பார்ப்பு வருமானம் ஏபிடி சொல்வதைவிட ஒரு சதவீதம் மேலே இருந்தாலும், "விலை குறைவாகத் தெரிகிறது" என்று எழுதலாம், "ஆர்பிட்ரேஜ்" என்று எழுத முடியாது.