கழுத்து மருவின் காம்புக்குள் என்ன இருக்கிறது?

கழுத்தோரத்திலும் அக்குளிலும் தொங்கும் மென்மையான மருவை விரலால் புரட்டிப் பார்த்தால், அது ஒரு மெல்லிய காம்பில் ஆடுவது தெரியும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளியே சாதாரணத் தோல், உள்ளே தளர்வான கொலாஜன் இழைகள், சில நேரம் கொஞ்சம் கொழுப்பு, நடுவே நுண்ணிய ரத்தக் குழாய்கள். வைரஸால் வரும் கரடுமுரடான பாலுண்ணி வேறு, இது வேறு. இது தொற்றாது. 'ரத்தம் பட்ட இடமெல்லாம் முளைக்கும்' என்ற பேச்சும் இதற்குப் பொருந்தாது.

தாலிச் சங்கிலி அணியும் பெண்ணின் கழுத்தை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்கச் சங்கிலி தேய்க்கிறது. வியர்வையில் ஊறிய தோலில் உராய்வு இன்னும் கூடும். தோல் ஓயாமல் தேய்ந்து இழுபடும்போது அந்த இடத்துச் செல்கள் பெருகத் தூண்டப்படுகின்றன. தளர்ந்த தோல் சிறிது சிறிதாக வெளியே பிதுங்குகிறது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோலோடு தோலே உரசுகிறது. உடல் பருத்து மடிப்புகள் கூடினால் மருவும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் சங்கிலி அணிகிற எல்லோருக்கும் மரு வருவதில்லையே? இங்கேதான் இன்சுலின் நுழைகிறது. உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதபோது கணையம் அதை அதிகமாகச் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின், தோல் செல்களில் வளர்ச்சிக் காரணிகளுக்கென்று இருக்கும் ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொண்டு, பெருகும்படி அவற்றை ஏவுகிறது. அந்தப் பெண்ணின் பிடரி கருத்து, தொட்டால் வெல்வெட் போல் தடித்தும் இருந்தால், அதை அழுக்கென்று தேய்த்துக் கழுவுவதில் பயனில்லை. ரத்தச் சர்க்கரையைச் சோதிப்பதே முதல் வேலை. கர்ப்ப காலத்திலும் மருக்கள் தோன்றுவதுண்டு.

காம்பு மெலிதாக இருப்பதால் நகவெட்டியால் நறுக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். அந்தக் காம்புக்குள்தான் ரத்தக் குழாய் ஓடுகிறது. வெட்டினால் அளவுக்கு மீறி ரத்தம் வரலாம், வியர்வை நிறைந்த அக்குளில் புண் சீழ் பிடிக்கலாம். நம் நிறத்துத் தோலில் புண் ஆறிய பின்னும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். மருவைவிட அந்தப் புள்ளிதான் கண்ணை உறுத்தும். குதிரைவால் முடியால் இறுகக் கட்டுவதும் அவ்வளவு எளிதல்ல. ரத்த ஓட்டம் பாதி மட்டும் தடைப்பட்டால் மரு வீங்கிக் கருத்து, வலி எடுத்து, விழாமல் அழுகத் தொடங்கும். சுண்ணாம்பு தடவினால், அது சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்துப் பொசுக்கிவிடும்.

இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது, மரு என்று நினைத்தது மருவாக இல்லாமல் போவது. பல நிறமாக, ஒழுங்கற்ற ஓரத்தோடு, வேகமாக வளர்கிற, தானாக ரத்தம் கசிகிற எதையும் வெட்டி எறிந்துவிட்டால், புற்றுநோயா என்று பரிசோதிக்கத் திசுவே மிஞ்சாது. தோல் மருத்துவரோ முதலில் பார்த்து உறுதிசெய்கிறார். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, மின்சூட்டால் காம்பைத் தீய்க்கிறார். வெட்டும்போதே குழாயும் மூடிக்கொள்கிறது. சிறியவற்றைத் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் உண்டு. தொந்தரவு தராத மருவை அப்படியே விட்டுவிடுவதிலும் தவறில்லை.