‘சார்ஜ் இல்லை’ என்ற கடையில் 720 ரூபாய் எங்கே போனது?

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கூகுளில் ஒரு திர்ஹமுக்கு 24 ரூபாய் என்று காட்டுகிறது. எக்ஸ்சேஞ்சுக்குப் போனால் ஒரு கடையில் 23.88, அதற்கு மேல் 23 திர்ஹம் சார்ஜ். பக்கத்துக் கடையில் சார்ஜே கிடையாது, ஆனால் ரேட் 23.64. மாதம் 2,000 திர்ஹம் அனுப்புகிறேன். எதில் அனுப்பினால் ஊரில் கூடுதலாக விழும்?”

பதில் ஒரு வரிதான்: 2,000 என்றால் சார்ஜ் இல்லாத கடை. ஆனால் 3,000 என்றால் பதில் தலைகீழாகிவிடும். அது ஏன் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

முதலில் அந்த 24 என்ன என்று பார்த்துவிடுவோம். கரன்சி சந்தையில் எப்போதும் இரண்டு விலை இருக்கும், ஒருவர் வாங்கத் தயாராக இருக்கும் விலை, இன்னொருவர் விற்கத் தயாராக இருக்கும் விலை. இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பதைத்தான் கூகுள் காட்டுகிறது. அதை நடுவிலை என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு நமக்கு யாரும் பணம் மாற்றித் தருவதில்லை, கடைக்காரருக்கே அது கிடைப்பதில்லை. ஆனால் யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று அளந்து பார்க்க அதுதான் சரியான அளவுகோல்.

திர்ஹமில் ஒரு வசதி உண்டு. 1997 முதல் ஒரு அமெரிக்க டாலர் என்றால் 3.6725 திர்ஹம் என்று கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் திர்ஹமுக்கு ரூபாயில் என்ன விலை என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. டாலர் ரேட்டை 3.6725-ஆல் வகுத்தால் போதும். டாலர் 88.14 ரூபாய் என்றால் திர்ஹம் சரியாக 24 ரூபாய். வாசகர் சொன்ன எண்ணை வைத்தே மேலே போவோம்.

இப்போது கணக்கு. கையில் இருப்பது 2,000 திர்ஹம், சார்ஜும் அதிலிருந்தேதான் போக வேண்டும். நடுவிலைப்படி இது 48,000 ரூபாய்.

முதல் கடையில் 23 திர்ஹம் சார்ஜ், அதன் மேல் 5 சதவீத வாட் வரி, ஆக 24.15. மீதி 1,975.85 திர்ஹம். அதை 23.88-ஆல் பெருக்கினால் 47,183 ரூபாய். இரண்டாவது கடையில் முழு 2,000 திர்ஹமும் 23.64 ரேட்டில் மாறும், 47,280 ரூபாய். ‘சார்ஜ் இல்லை’ என்று போர்டு வைத்த கடை 97 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. அதே கடைதான் 48,000-இல் 720 ரூபாயை எடுத்தும் இருக்கிறது. ரசீதில் அந்த 720 எங்கேயும் இருக்காது. சார்ஜ் என்ற இடத்தில் பூஜ்யம் என்று அச்சாகியிருக்கும், வாங்கியவரும் சந்தோஷமாக மடித்து பர்சில் வைத்துக்கொள்வார்.

முதல் கடை எடுத்தது 817 ரூபாய். அதில் சுமார் 580 சார்ஜும் வரியும், மீதி 237 ரேட்டில் பிடித்தது.

ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு விதமாகப் பிடிக்க வேண்டும்? உள்ளே நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். நாம் கவுன்டரில் கொடுத்த திர்ஹம் கடல் தாண்டி எங்கும் போவதில்லை. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு ‘ருபீ டிராயிங் அரேஞ்ச்மென்ட்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன்படி அந்த எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இந்தியாவில் ஒரு வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். வங்கிக்காரர்கள் இதை வாஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். நாம் பணம் கட்டியதும் ஒரு தகவல் மட்டும் போகிறது. அந்தக் கணக்கில் ஏற்கெனவே கிடக்கும் ரூபாயிலிருந்து நம் வீட்டுக் கணக்குக்கு என்.இ.எஃப்.டி. அல்லது ஐ.எம்.பி.எஸ். வழியாகப் பணம் விழுகிறது. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வருவது திருச்சியிலிருந்து மச்சான் போட்ட பணம் மாதிரி உள்நாட்டு ரூபாய்தான்.

காலியான கணக்கை நிறுவனம் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு டாலரை விற்று ரூபாய் வாங்க வேண்டும். கவுன்டரில் நமக்கு ரேட் சொன்ன நேரம் ஒன்று, ரூபாய் வாங்கும் நேரம் வேறொன்று. இடையில் ரூபாய் விலை ஏறிவிட்டால் நஷ்டம் கடைக்கு. அந்த நஷ்டம் தொகையைப் பொறுத்தது. 10,000 திர்ஹமுக்கு வரக்கூடிய நஷ்டம் 1,000 திர்ஹமுக்கு வருவதைப் போல பத்து மடங்கு. அதனால் அதற்கான காப்பு ரேட்டுக்குள்ளேயே, ஒவ்வொரு திர்ஹமிலும் இத்தனை பைசா என்று உட்கார்ந்துகொள்கிறது. கடையின் லாபத்திலும் பெரும் பங்கு அங்கேயே இருக்கிறது.

ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் சம்பளம், அடையாள அட்டை சரிபார்ப்பு, தகவல் அனுப்பும் செலவு எல்லாம் 100 திர்ஹமுக்கும் ஒன்றுதான், 10,000 திர்ஹமுக்கும் ஒன்றுதான். அது தட்டையான செலவு, ஆகவே தட்டையான சார்ஜ். ஒன்று தொகையோடு வளரும், இன்னொன்று நகராது. வளரும் கோடும் நகராத கோடும் எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளத்தானே வேண்டும்?

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அல்ஜீப்ரா வேண்டாம். இப்படி யோசியுங்கள். முதல் கடை ஒவ்வொரு திர்ஹமுக்கும் 24 பைசா அதிகம் தருகிறது. அந்தச் சலுகைக்கு அது வாங்கும் நுழைவுக் கட்டணம் 24.15 திர்ஹம், அதன் சொந்த ரேட்டில் 576.70 ரூபாய். 24 பைசாவாகச் சேர்த்து 576.70 ரூபாயை மீட்க எத்தனை திர்ஹம் வேண்டும்? 576.70-ஐ 0.24-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2,403. அவ்வளவுதான். அதற்குக் கீழே அனுப்பினால் சார்ஜ் இல்லாத கடை, மேலே அனுப்பினால் சார்ஜ் உள்ள கடை. நம் வாசகரின் 2,000 அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, அதனால்தான் வித்தியாசம் வெறும் 97 ரூபாய். அவரே 3,000 அனுப்பினால் முதல் கடையில் 71,063, இரண்டாவதில் 70,920. இந்த முறை முதல் கடை 143 ரூபாய் முன்னால்.

சின்னத் தொகையில்தான் தட்டையான சார்ஜின் கொடுமை தெரியும். தங்கைக்கு அவசரமாக 500 திர்ஹம் அனுப்புகிறார் என்று வையுங்கள். நடுவிலைப்படி 12,000 ரூபாய். சார்ஜ் உள்ள கடையில் போய்ச் சேர்வது 11,363. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் காலி. சார்ஜ் இல்லாத கடையில் எவ்வளவு அனுப்பினாலும் நூற்றுக்கு ஒன்றரைதான். குறைந்த சம்பளக்காரர்தான் சின்னத் தொகையாக அடிக்கடி அனுப்புவார். கம்பெனி அக்கவுன்டன்டைவிட லேபர் கேம்ப்பில் இருப்பவர் நூற்றுக்கு அதிகமாகக் கொடுக்கிறார் என்பது இந்தக் கணக்கில் எனக்கு உறுத்தும் விஷயம்.

வங்கி வழியாக, வங்கிகள் தங்களுக்குள் தகவல் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் முறையில் டாலராக அனுப்பினால் கதை வேறு. திர்ஹமை டாலராக மாற்றும்போது ஒரு பிடிப்பு, டாலரை ரூபாயாக மாற்றும்போது இன்னொன்று. நடுவில் கைமாற்றிவிடும் வங்கி தன் பங்காகச் சில டாலரை உருவிக்கொள்ளலாம். எல்லாச் செலவும் என்னுடையது என்று அனுப்புபவர் ‘OUR’ போட்டால் இதைத் தவிர்க்க வாய்ப்பு உண்டு. ‘SHA’ என்றால் வழியில் பிடிப்பது பெறுபவர் தலையில். கடைசியாக, மாற்றும் வேலையை இந்திய வங்கி செய்வதால் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றிய தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பு என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் 18 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். எவ்வளவு சின்னத் தொகையானாலும் குறைந்தது 45 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் வழியில் பணம் ரூபாயாகவே வந்து விழுவதால் இது இல்லை. ஊரில் அம்மா “நீ சொன்னதைவிட ஆயிரம் ரூபாய் கம்மியா வந்திருக்கு” என்று போன் செய்தால், பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் எங்கேயோ உருவப்பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று சனிக்கிழமை அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். லட்சுமி கோபப்படுவாளா என்று எனக்குத் தெரியாது, ஆனால் சனியும் ஞாயிறும் கரன்சி சந்தை மூடியிருக்கும். அப்போது கூகுளில் தெரிவது வெள்ளி மாலையின் பழைய விலை. திங்கள் காலையில் எங்கே திறக்கும் என்று தெரியாததால், கடைகள் அந்த இரண்டு நாளும் ரேட்டில் சில பைசா கூடுதலாகப் பிடித்து வைப்பது உண்டு. சாஸ்திரம் பார்த்து அந்தப் பைசாவைக் கொடுக்கிறோம். இன்னொரு நம்பிக்கை, ரேட் ஏறட்டும் என்று பத்து நாள் காத்திருப்பது. 10 பைசா ஏறினால் 2,000 திர்ஹமுக்கு 200 ரூபாய். ஏறுமா இறங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கடைகளின் ரேட்டில் இருக்கும் 24 பைசா மட்டும் இன்றைக்கே, கண் முன்னால் நிற்கிறது.

அமெரிக்காவில் 2013 முதல் ஒரு விதி இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புபவர் காசு கட்டுவதற்கு முன்பே சார்ஜ், ரேட், அங்கே போய்ச் சேரும் தொகை மூன்றையும் எழுதிக் காட்ட வேண்டும். மூன்றாவது எண்தான் முக்கியம். அந்த விதி உங்கள் ஊரில் இருக்கிறதோ இல்லையோ, கவுன்டரில் ரேட் என்ன, சார்ஜ் என்ன என்று தனித்தனியாகக் கேட்காதீர்கள். “என் கையில் மொத்தம் இரண்டாயிரம், ஊரில் அக்கவுன்டில் எவ்வளவு விழும்?” என்று கேளுங்கள். இரண்டு கடையிலும் அதே கேள்வி, பத்து நிமிட இடைவெளிக்குள். காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கடை என்று கேட்டால் சந்தை நகர்ந்ததையும் கடையின் பிடிப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அப்புறம், 2,403 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். இரண்டாவது கடை நாளைக்கே ரேட்டை 23.70 ஆக்கினால் வித்தியாசம் 18 பைசாவாகச் சுருங்கும். அப்போது 576.70-ஐ 0.18-ஆல் வகுக்க வேண்டும், கோடு 3,204 திர்ஹமுக்குப் போய்விடும். இன்று முதல் கடையில் லாபமாக இருந்த 3,000, நாளைக்கு இரண்டாவது கடையில் லாபம்.