எக்கோ தெரியவில்லையா? கெயினில் கைவைக்காதீர்கள்

சென்னையில் லாரித் தண்ணீரை நம்பி இருக்கிற அபார்ட்மெண்ட்களில் சம்ப்புக்குள் அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டுவது இப்போது சகஜம். மூடிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு 40 கிலோஹெர்ட்ஸில் எட்டு சைக்கிள், அதாவது 200 மைக்ரோசெகண்ட், ஒலி அனுப்பும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் எக்கோ எப்போது வந்தது என்று பார்த்து மட்டத்தைச் சொல்லும். கிண்டியில் எங்கள் மேசைக்குச் சரிபார்க்க வரும் போர்டுகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: சம்ப் நிறைந்திருக்கும்போது ரீடிங் அருமை, தண்ணீர் மூன்று மீட்டர் கீழே போனதும் எண் குதிக்க ஆரம்பிக்கிறது. திறந்து பார்த்தால் யாரோ ஆம்பிளிஃபையர் கெயினை ஏற்றி வைத்திருப்பார்கள். எக்கோ இரண்டு மடங்கு ஆகும், கூடவே இரைச்சலும் இரண்டு மடங்கு ஆகும், விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இங்கே பலர் பயன்படுத்தாமல் விடும் தகவல் ஒன்று உண்டு. வரப்போகும் பல்ஸின் வடிவம் நமக்கு முன்பே தெரியும். எப்போது வரும், எவ்வளவு பெரிதாக வரும் என்பது மட்டும்தான் தெரியாது. வடிவம் தெரிந்த பல்ஸை இரைச்சலிலிருந்து பிரிக்க எந்த ஃபில்டர் சிறந்தது என்பதை 1943-லேயே ஆர்சிஏ ஆய்வகத்தில் டி.ஓ. நார்த் ரேடாருக்காக எழுதிய அறிக்கையில் காட்டிவிட்டார். அதுதான் மேட்ச்டு ஃபில்டர்.

ஏன் அது சிறந்தது என்பதற்குப் பாடப்புத்தகம் ஒரு இன்டக்ரல் போட்டு முடித்துவிடும். மூன்றே சாம்பிள் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். பல்ஸ் 1, 3, 2 என்று வருகிறது, ஒவ்வொரு சாம்பிளிலும் இரைச்சலின் பவர் 1, ஒரு சாம்பிளின் இரைச்சலுக்கும் அடுத்ததன் இரைச்சலுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்வோம். உச்சியை மட்டும் பார்த்தால் சிக்னல் 3, அதன் வர்க்கம் 9, இரைச்சல் 1, ஆக விகிதம் 9. மூன்றையும் அப்படியே கூட்டினால் சிக்னல் 6, வர்க்கம் 36, இரைச்சலின் பவரும் கூடி 3 ஆகும், விகிதம் 12. சிக்னல் நேராகக் கூடுகிறது, இரைச்சலோ பவராகத்தான் கூடுகிறது, லாபம் வருவது அந்த வித்தியாசத்தில்.

இப்போது பல்ஸின் வடிவத்தையே எடையாக வைத்து, 1, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். சிக்னல் 1+9+4 = 14, வர்க்கம் 196. இரைச்சலின் பவர் எடைகளின் வர்க்கங்களின் கூட்டல், அதுவும் 14. விகிதம் 14. சரி, பெரிய சாம்பிளுக்கு இன்னும் அதிக எடை கொடுத்தால் இன்னும் ஏறாதா என்று கேட்பார்கள். 1, 9, 4 என்று போட்டுப் பாருங்கள்: 36-இன் வர்க்கம் 1296, இரைச்சல் 98, விகிதம் 13.2. இறங்கிவிட்டது.

காரணம் எளிது. ஒரு சாம்பிளின் எடையைக் கொஞ்சம் கூட்டினால் கிடைக்கும் சிக்னல், அந்த இடத்தில் பல்ஸ் எவ்வளவு உயரமோ அந்த அளவுக்கு. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை, அதாவது கூடும் இரைச்சல், எடையின் வர்க்கமாக வளர்வதால், ஏற்கெனவே அங்கே எவ்வளவு எடை வைத்திருக்கிறோமோ அந்த அளவுக்கு ஏறும். ஒரு இடத்தில் வரவு-செலவு விகிதம் நன்றாகவும் இன்னொரு இடத்தில் மோசமாகவும் இருந்தால், மோசமான இடத்தில் எடையைக் குறைத்து நல்ல இடத்தில் ஏற்றலாம். அப்படி மாற்ற இனி எதுவும் இல்லை என்ற நிலை, எல்லா இடத்திலும் எடை பல்ஸின் உயரத்துக்கு ஒரே விகிதத்தில் இருக்கும்போதுதான் வரும். கோஷி-ஷ்வார்ட்ஸ் சமனின்மை சொல்வதும் இதுதான். கிடைத்த 14 பல்ஸின் மொத்த எனர்ஜி என்பதையும் கவனியுங்கள்: தொடர் சிக்னலில் இது 2E/N0 ஆகும், E பல்ஸின் எனர்ஜி, N0 இரைச்சலின் பவர் அடர்த்தி, அதில் வடிவத்துக்கு இடமே இல்லை. தூரத்து எக்கோ வேண்டுமென்றால் பல்ஸை உயரமாக்குவதும் ஒன்று, நீளமாக்குவதும் ஒன்று.

நடைமுறையில் எடைகளை ஃபில்டரில் ஏற்றும்போதுதான் சறுக்குகிறார்கள். ஃபில்டர் கன்வல்யூஷன் செய்யும், அது ஒரு பக்கத்தைத் திருப்பிப் போடும். அதனால் பல்ஸைக் கடைசியிலிருந்து முதலுக்கு எழுதித் தர வேண்டும்.

```python
s = s - s.mean()
y = np.convolve(r - r.mean(), s[::-1])
```

திருப்ப மறந்தால் எதுவும் வெடித்துவிடாது, அதுதான் தொல்லை. சராசரியைக் கழிக்காமல் நம் மூன்று சாம்பிளையே போட்டால் உச்சி 14-க்குப் பதில் 13 வரும், எக்கோ தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: இரைச்சல் இல்லாத சுத்தமான பல்ஸை உள்ளே விட்டு வெளியே வருவதைப் பாருங்கள். அதே மூன்று சாம்பிளில், சரியாக இருந்தால் 2, 9, 14, 9, 2 என்று உச்சிக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். தப்பாக இருந்தால் 1, 6, 13, 12, 4 என்று ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். "அவுட்புட்டில் பல்ஸ் வடிவமே மாறிவிட்டதே" என்று சிலர் பயப்படுவார்கள். மாறத்தான் செய்யும், இந்த ஃபில்டர் பல்ஸைக் காப்பாற்ற வந்ததில்லை, ஒரே ஒரு கணத்தில் விகிதத்தை உச்சிக்குக் கொண்டுபோக வந்தது. மேலே உள்ள கோடில் சராசரியைக் கழித்திருப்பதும் சும்மா இல்லை: 12 பிட் ஏடிசியில் பூஜ்யம் 2048 பக்கம் உட்கார்ந்திருக்கும், கழிக்காவிட்டால் அது ஃபில்டர் வழியே கசியும்.

அடுத்தது, எந்தப் பல்ஸ்? மைக்ரோகன்ட்ரோலர் அனுப்பிய எட்டு சைக்கிளை டெம்ப்ளேட்டாகப் போடுகிறார்கள். டிரான்ஸ்டியூசரின் பட்டை மிகக் குறுகியது, மெதுவாக ஏறி, மெதுவாக அடங்கும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அது சிக்னலை இழுத்துவிடும். ஏடிசிக்கு வந்து சேர்வது 200 மைக்ரோசெகண்ட் கட்டையாக இருக்காது, நீண்ட வாலோடு இருக்கும். ஒன்றரை மீட்டரில் ஒரு தட்டையான பலகையை வைத்து, 64 எக்கோக்களை ஒன்றன் மேல் ஒன்று சரியாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகிவிடும், அதுதான் டெம்ப்ளேட். கணக்குச் சுமையும் பெரிதில்லை: 160 கிலோஹெர்ட்ஸில் 20 மில்லிசெகண்ட் என்பது 3200 சாம்பிள், டெம்ப்ளேட் 80 சாம்பிள் என்றால் சுமார் 2.56 லட்சம் பெருக்கல், ஒரு கார்டெக்ஸ் எம்4 அலட்டிக்கொள்ளாமல் செய்யும். மூன்று மீட்டர் ஆழத்து எக்கோ 17 மில்லிசெகண்டில் வந்துவிடுவதால் அந்த ஜன்னல் போதும். ஆனால் இதெல்லாம் டயோடு வைத்து நேர்ப்படுத்துவதற்கு முன்னால் நடக்க வேண்டும். பின்னால் செய்தால் இரைச்சலின் குணமே மாறியிருக்கும், மேலே போட்ட கணக்கு பொருந்தாது.

எல்லா இடத்துக்கும் இது அவசியமா என்றால், இல்லை. சதுரப் பல்ஸ் ஒன்று தனியாக வருகிறதென்றால், மதிப்பைச் சரியாகத் தேர்ந்த ஒரு சாதாரண ஆர்சி ஃபில்டரே மேட்ச்டு ஃபில்டரைவிட 0.9 டெசிபல்தான் பின்தங்கும். அங்கே கோடு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போதும்.

அப்புறம் மோட்டார். சம்ப் மோட்டாரின் கான்டாக்டர் அடிக்கும்போது வரும் ஸ்பைக் நாம் வைத்துக்கொண்ட இரைச்சல் போன்றதல்ல. ஒரே ஒரு சாம்பிள் எக்கோவைவிட ஐம்பது மடங்கு உயரமாக வந்தால் ஃபில்டர் அதைத் திருப்பிப் போட்ட டெம்ப்ளேட்டின் வடிவத்திலேயே வெளியே துப்பும், எக்கோ என்றே தோன்றும். ஃபில்டருக்கு முன்னால் சாம்பிள்களுக்கு ஒரு உச்ச வரம்பு வைத்து வெட்டுங்கள், மோட்டார் ஆன்-ஆஃப் ஆகும் விநாடியில் எடுத்த ரீடிங்கைத் தூக்கிப் போடுங்கள்.